பாட்டியின் ரசீதும் ஒரு சின்ன டிக் மார்க்கும்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுல யாராவது எஃப்.டி. போட்டிருக்காங்களா? அந்த ரசீதை எடுத்து, "முதிர்வின்போது என்ன செய்ய வேண்டும்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், அதை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா? நானும் படிச்சதில்லை. போன மார்ச் மாசம் ஹால் டிக்கெட் வாங்க ஃபீஸ் பாக்கி 85,000 ரூபாய் கட்ட வேண்டி வந்தப்போதான் படிச்சேன்.

என் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு, பாட்டி 2023 ஜனவரியில் 4 லட்சம் ரூபாயை ஸ்ரீரங்கத்தில் ஒரு வங்கியில் மூணு வருஷத்துக்கு 7% வட்டிக்குப் போட்டாங்க. "நீ காலேஜ் முடிக்கிற வருஷம் வட்டி வரும், அதை உன் ஃபீஸுக்கு வச்சுக்கோ, முதலைத் தொடாதே" என்பதுதான் பாட்டி போட்ட கண்டிஷன்.

பாட்டி போட்டது க்யூமுலேட்டிவ் டெபாசிட். அதாவது வட்டி கைக்கு வராது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை முதலோட சேர்ந்து, அடுத்த மூணு மாசம் அந்த வட்டிக்கும் வட்டி கிடைக்கும். நமக்குத் தெரிஞ்ச ஃபார்முலாதான்:

A = P(1 + r/4)^(4t)

P = 4,00,000, r = 0.07, t = 3 போட்டா 4,92,576 ரூபாய் வரும். வட்டி மட்டும் 92,576.

இதே பணத்தைக் காலாண்டு வட்டி வாங்குற மாதிரி போட்டிருந்தா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை 7,000 ரூபாய் சேமிப்புக் கணக்குக்கு வரும். பன்னிரண்டு தடவைக்கு 84,000. மாசாமாசம் வேணும்னா 7,000-ஐ மூணால வகுத்து 2,333 தருவாங்கன்னு நினைப்போம். ஆனா சுமார் 2,320 தான் வரும். காலாண்டு முடியறதுக்கு முன்னாடியே தர்றதால வங்கி அந்த வட்டியைக் கொஞ்சம் தள்ளுபடி செஞ்சு தருது. இது ஏமாத்து இல்லை, கணக்குதான்.

க்யூமுலேட்டிவ்ல 8,576 ரூபாய் அதிகமா வருதே, அப்போ அதுதான் லாபம்னு சொல்லிடலாமா? அப்படி இல்லை. நீங்க வட்டியை எடுத்துச் செலவு பண்ணாம வங்கியிலேயே விட்டு வச்சதுக்கான கூலிதான் அந்த 8,576. பாட்டிக்கு மாத்திரை, பால், கரண்ட் பில் எல்லாத்துக்கும் குடும்ப ஓய்வூதியம் இருக்கு. அதனால அவங்களுக்கு க்யூமுலேட்டிவ் சரி. ஓய்வூதியம் இல்லாத ஒரு பெரியவர் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு இதைப் போட்டுட்டு, ஆறாவது மாசம் மருந்துக்குப் பணம் இல்லாம டெபாசிட்டை உடைச்சார்னா, அந்த லாபம் அபராதத்துலயே போயிடும்.

இப்போ கதைக்கு வரேன். டெபாசிட் முதிர்ந்தது 2026 ஜனவரி முதல் வாரம். ஸ்ரீரங்கத்துல ராப்பத்து நேரம். வீடு நிறைய சொந்தக்காரங்க. யாருக்கும் வங்கி ஞாபகம் வரலை. மார்ச்ல நானும் பாட்டியும் போய் ரசீதை நீட்டினோம். கவுன்ட்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டுச் சொன்னார்: "அம்மா, இது ரெனியூ ஆயிடுச்சே. 2029 ஜனவரிலதான் முடியும்."

"நான் ரெனியூ பண்ணச் சொல்லவே இல்லையேப்பா?"

பாட்டி சொல்லியிருந்தாங்க. 2023-ல கையெழுத்துப் போட்ட படிவத்துல 'அசல் மற்றும் வட்டியுடன் தானாகப் புதுப்பிக்கவும்' என்ற கட்டத்துல ஒரு டிக் இருந்தது.

ஆட்டோ ரெனியூவல்னா பழைய டெபாசிட் நீளுதுன்னு நாம நினைக்கிறோம். நிஜத்துல பழையது அன்னிக்கே முடிஞ்சு, புதுசா ஒண்ணு பிறக்குது. காலம் அதே மூணு வருஷம். ஆனா வட்டி விகிதம் முதிர்ந்த நாளில் வங்கியில் இருக்கிற விகிதம். 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-ல இருந்து 5.25-க்கு இறக்கியிருந்தது. எங்களுக்குக் கிடைச்சது 6.5%. ஃபீஸுக்குன்னு நினைச்ச 92,576-ம் சேர்த்து 4,92,576 முழுசா மூணு வருஷத்துக்குப் பூட்டியாச்சு. கையில இருந்த ரசீதுல பழைய தேதியே இருந்ததால எங்களுக்கு ஒண்ணும் தெரியலை.

உடைச்சா என்ன ஆகும்னு கேட்டேன். அப்போ 75 நாள் ஆகியிருந்தது. 6.5% கிடைக்காது. 75 நாள் டெபாசிட்டுக்கு ஜனவரியில என்ன வட்டியோ (அங்கே 5.5%), அதுல 1% அபராதம் போக 4.5% தான். அதாவது 4,555 ரூபாய். ஒப்பந்த வட்டியா இருந்தா 6,579. கிட்டத்தட்ட 2,000 ரூபாய் நஷ்டம்.

எனக்கு அந்த டிக் மார்க் மேல செம கோபம். பஸ்ல வரும்போது போன்லயே இன்னொரு கணக்கு போட்டேன். டிக் இல்லாம இருந்திருந்தா? முதிர்ந்த டெபாசிட்டை யாரும் கேட்டு வரலைன்னா, ரிசர்வ் வங்கியோட 2021 ஜூலை விதிப்படி சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய ஒப்பந்த வட்டி, இந்த ரெண்டுல எது குறைவோ அதுதான். அந்த வங்கியில சேமிப்பு வட்டி 2.75%. 75 நாளைக்கு 2,783 ரூபாய்தான் வந்திருக்கும். அதாவது, அபராதம் கட்டி உடைச்சாலும் ஆட்டோ ரெனியூவல்தான் அதிகம் தந்திருக்கு! மறந்து போறவங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. தப்பு எங்கேன்னா, மூணு கட்டம் இருந்த இடத்துல நாங்க தப்பான கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததுலதான்.

நடுவுல ஒரு கட்டம் இருந்தது: 'அசலை மட்டும் புதுப்பிக்கவும், வட்டியைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்கவும்.' பாட்டி வாயால சொன்ன கண்டிஷனே அதுதான்! அதை டிக் பண்ணியிருந்தா 4 லட்சம் டெபாசிட்டாவே தொடர்ந்திருக்கும், 92,576 கணக்குல வந்து உக்காந்திருக்கும்.

கடைசியில நாங்க உடைக்கலை. டெபாசிட் மேல 85,000 கடன் வாங்கினோம். வட்டி டெபாசிட்டைவிட 1% அதிகம், 7.5%. மாசம் 531 ரூபாய். அந்தப் பணத்துக்கு டெபாசிட்ல 6.5% வந்துக்கிட்டே இருக்கிறதால, நிஜச் செலவு வருஷத்துக்குச் சுமார் 850 தான். உடைச்சா ஒரே அடியா 2,000. ரெண்டு வருஷத்துக்குள்ள அடைக்க முடியும்னா கடன்தான் மலிவு. எனக்கு ஜூலைல வேலையில சேரணும், முதல் சில சம்பளத்துலயே அடைச்சுடுவேன்னு பாட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.

அன்னிக்கே இன்னொண்ணும் செஞ்சோம். முதிர்வு உத்தரவை மாத்தி எழுதிக் கொடுத்தோம். அதை டெபாசிட் நடந்துக்கிட்டு இருக்கும்போதே எப்ப வேணும்னாலும் மாத்தலாம்னு அப்போதான் தெரிஞ்சது. பாட்டி கேட்டாங்க: "அப்போ இதை ஒரே ரசீதா போடாம நாலு ரசீதா போட்டிருந்தா, ஒண்ணை மட்டும் உடைச்சிருக்கலாம் இல்ல?"

ஆமா பாட்டி. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அது தோணலை.

இந்த வாரம் ஊருக்குப் போனா, வீட்டு பீரோல இருக்கிற ரசீதை எடுத்து ரெண்டு விஷயம் பாருங்க: முதிர்வு தேதி தாண்டிடுச்சா, எந்தக் கட்டத்துல டிக் இருக்கு. தேதி தாண்டியிருந்தா, ரசீதை நம்பாதீங்க. வங்கியில கேளுங்க.