மூன்று திகதிகள்

முதலில் எழுதிய மின்னஞ்சலை நான் அனுப்பவில்லை. இரவு பதினொரு மணிக்கு, அழுதுகொண்டே எழுதியது அது. "எப்போதும்" என்ற சொல் ஏழு இடத்திலும், "வேண்டுமென்றே" நான்கு இடத்திலும் இருந்தன. திகதி ஒன்றுகூட இருக்கவில்லை.

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. கிழக்கில் பிறந்து வளர்ந்தவள் நான். என் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஊர் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கேலி செய்வது சக உத்தியோகத்தர் ஒருவருக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் தடவை எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு கூட்டங்களில் வாய் திறக்கவே பயந்தேன்.

வாப்பா நீதிமன்றத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் மின்னஞ்சலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மகள், அவர் உன்னக் கேவலப்படுத்த நினைச்சாரெண்டு எழுதியிருக்காய். அவர் நினைச்சது உனக்கு எப்படித் தெரியும்? வாயால வந்தத மட்டும் எழுது. திகதியப் போடு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். மனிதவளப் பிரிவுக்குப் போகும் முறைப்பாடு அங்கேயே நின்றுவிடாது. விளக்கம் கேட்டு அவரிடமும் போகும். "இனவாதி" என்று நான் எழுதினால், தனக்கு எத்தனை முஸ்லிம் நண்பர்கள் என்று அவர் கணக்குச் சொல்வார். விசாரணை அவருடைய மனதைப் பற்றியதாகிவிடும். அவர் சொன்ன சொல்லை எழுதினால், சொன்னாரா இல்லையா என்ற கேள்விதான் மிஞ்சும்.

அடுத்த நாள் டயறியையும் கூட்ட அறிவித்தல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நினைவில் ஐந்து சம்பவங்கள் இருந்தன. மூன்றுக்குத்தான் திகதி அகப்பட்டது. மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். ஒரு திகதி பிழைத்தாலும் மற்றவற்றின் மீதும் சந்தேகம் விழும். முதலாவதை இப்படி எழுதினேன்:

"2024 மார்ச் 5, மாதாந்தக் கூட்டம், முற்பகல் 10 மணியளவில். நான் நிலுவை விபரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, 'மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடுவோமா?' என்று அவர் கேட்டார். அறையில் எங்களுடன் வேறு மூவர் இருந்தனர். நான் வாசிப்பதை நிறுத்தினேன். மீதியை மேற்பார்வையாளர் வாசித்தார்."

அவருடைய சிங்கள வார்த்தைகளை அப்படியே சிங்களத்தில் எழுதி, பொருளை ஆங்கிலத்தில் கீழே கொடுத்தேன். மூவரின் பெயர்களையும் எழுதினேன். அவர்கள் எனக்காகப் பேசுவார்கள் என்று எழுதவில்லை. அறையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது சம்பவத்தில்தான் கை நின்றது. மார்ச் 19ஆம் திகதி நான் தயாரித்த கூற்றில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. ஒரு வாடிக்கையாளர் முன்னிலையில், "இவவுக்கு இலக்கமும் ஊர்ப் பாஷையிலதான் விளங்கும்" என்றார் அவர். என் பிழையை மறைக்கத்தான் மனம் சொன்னது. மறைத்தால் அதை அவர் எடுத்துக் காட்டுவார். பேச்சு என் பிழையோடு முடிந்துவிடும். ஆகவே, "கூற்றில் இருந்த பிழை என்னுடையது. அன்று மாலையே திருத்தி அனுப்பினேன்" என்று நானே எழுதி, திருத்திய கூற்றையும் இணைத்தேன்.

மறுநாள் அவரைத் தனியே கண்டு, இப்படிப் பேச வேண்டாம் என்று கேட்டிருந்தேன். "பகிடி விளங்காதா?" என்றார். அதையும் எழுதினேன். ஏப்ரல் 4ஆம் திகதி கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் பேச்சு மறுபடி வந்தது. நான் கேட்டுக்கொண்ட பிறகும் நடந்தது என்பதைச் சொல்ல வேறு வார்த்தை தேவைப்படவில்லை. திகதிகளே வரிசையாய் நின்று சொல்லின.

கடைசியில் இரண்டு வேண்டுகோள்கள்: என் பேச்சு மொழி பற்றிய கருத்துக்களை நிறுத்தும்படி அவருக்கு அறிவிக்க வேண்டும், இம்முறைப்பாடு கிடைத்ததை எனக்கு எழுத்தில் அறியத்தர வேண்டும். என்ன தண்டனை என்று எழுதவில்லை. அது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அழைத்தார்கள். மூவரில் ஒருவர் ஞாபகமில்லை என்றாராம். ஒருவர் மார்ச் 5 சம்பவத்தைச் சொல்லியிருந்தார். அவரும் மறுக்கவில்லை; பகிடி என்றே சொன்னார். எழுத்தில் அறிவுறுத்தல் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது என்னோடு பேசுவதுமில்லை. ஆனால் கூட்டத்தில் நான் வாசிக்கும்போது யாரும் குறுக்கிடுவதில்லை.

முதல் மின்னஞ்சல் இன்னும் அழியாமல் கிடக்கிறது. அதில் எழுதியதெல்லாம் உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதில் ஒரு வரியையேனும் இன்னொருவருக்குக் காட்டி, இதோ என்று சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.