பியூஸைக் கழற்றாமல் பார்ப்பது

தலவாக்கலையில் பனி மூடிய விடியலில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பழி முதலில் குளிருக்கும், அடுத்து பெட்டரிக்கும் போகிறது. இங்குள்ள கராஜ்களில் வயரிங் வேலையைக் கவனித்து நான் வந்த முடிவு வேறு: கரண்ட் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க அவசரமில்லாத கைதான் முதலில் வேண்டும். நிறுத்திய கார், கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் 0.05 அம்பியருக்குள் எடுப்பது வழக்கம். 0.4 அம்பியர் போனாலும் 12 மணி நேரத்தில் 4.8 அம்பியர்-மணிதான். 45 அம்பியர்-மணி நல்ல பெட்டரி இதைத் தாங்கி மறுநாள் எஞ்சினைச் சுழற்றிவிடும். ஆகவே ஒரே இரவில் செத்துப்போகிறது என்றால், ஒழுக்கு மிகப் பெரியது, அல்லது பெட்டரியே தளர்ந்துவிட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி ஓர் இரவு வைத்தால் எது என்று தெரியும். அப்போதும் இறங்கினால் குற்றம் பெட்டரியில். குளிர் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவே.

பெட்டரி நிலைத்து நின்றால் மல்டிமீட்டரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையை நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை அதன் வயர் கிளாம்பிலும் பிடித்த பிறகே கிளாம்பை மெல்ல உருவ வேண்டும். இடையில் தொடர்பு அறுந்தால் காரின் கணினிப் பெட்டிகள் விழித்துக்கொள்ளும். சாவியை யாராவது திருப்பிவிட்டால் மீட்டரின் உள் பியூஸ் எரியும். பிறகு அது பூச்சியம் காட்டி, ஒழுக்கே இல்லையென்று ஏமாற்றும். கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, போனட்டையும் கதவையும் திறந்தபடியே அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல் நிமிடத்தில் பார்க்கும் 3 அம்பியர் பொய்யான தடயம்.

இதன் பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் பழக்கம். அது விரைவானது என்பார்கள். பழைய வண்டிகளில் உண்மை. புதியவற்றில் பிடுங்கிச் செருகும்போதே பெட்டிகள் விழித்து, மீண்டும் அரை மணி நேரம் போகும். செருகியிருக்கும் பியூஸின் தலையிலுள்ள இரு உலோகப் புள்ளிகளில் இன்னொரு மீட்டரால் மில்லிவோல்ட் அளப்பதே மேல்; கரண்ட் ஓடும் பியூஸில் மட்டும் சிறு அழுத்தம் தெரியும். 10 அம்பியர் பியூஸில் 0.4 அம்பியர் ஓடினால் சுமார் 3 மில்லிவோல்ட். அது ரூம் லைட், ரேடியோ பியூஸ் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு அணைந்திருக்க, ரேடியோ பிளக்கைக் கழற்றியதும் 0.4 என்பது 0.03 ஆகிறது. வெளியில் வாங்கிப் பூட்டிய ரேடியோவில் சாவி வழியாக வரவேண்டிய வயரை நேர் வயரோடு முறுக்கியிருப்பார்கள். திரை அணைந்தாலும் உள்ளே அம்ப்ளிஃபயர் விழித்தேயிருக்கும். அந்த ஒரு வயரைப் பிரித்துச் சாவி லைனில் சேர்த்தால் போதும்.

எல்லாப் பியூஸும் பூச்சியம் காட்டியும் மீட்டரில் அம்பியர் நின்றால் சந்தேகம் ஆல்டனேட்டரின் டயோடில். பெட்டரியைத் துண்டித்து, ஆல்டனேட்டரின் தடித்த வயரைக் கழற்றி டேப் சுற்றி, திரும்ப அளந்தால் பதில் வரும். இரவில் டெர்மினலைக் கழற்றி வைத்தால் போதாதா என்பவர்களுக்கு ஒன்று: வண்டி ஓடும், ஆனால் முறுக்கிய வயர் அப்படியே இருக்கும்.