கம்பின் நிழல் எழுதும் சமன்பாடு

மாமல்லபுரத்தில் ஜூன் 21 அன்று நண்பகலில் நிழல் தெற்கே விழும். அன்று சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. சமமான மொட்டைமாடியில் ஒரு மீட்டர் கம்பை நட்டு, நிழலின் நுனியை மணிக்கொருமுறை சுண்ணாம்பால் குறித்து வந்தால், மாலைக்குள் ஒரு வளைவு கிடைக்கும். பள்ளியில் கூம்பு வளைவு நடத்தும்போது இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கம்பின் அடியிலிருந்து கிழக்கை x, வடக்கை y என்று மீட்டரில் கொள்வோம். ஊரின் அட்சரேகை 12.62 பாகை, அன்று சூரியனின் சாய்வு 23.44 பாகை. இவற்றைக் கொண்டு நிழல் நுனிக்கு வரும் சமன்பாடு:

0.158x² − 0.794y² + 0.426y + 0.110 = 0

முதலில் பார்க்க வேண்டியது இருபடி உறுப்புகளின் குறிகளை. இங்கே xy உறுப்பு இல்லாததால் அதுவே போதும். இரண்டும் ஒரே குறி என்றால் நீள்வட்டம். ஒன்று பூச்சியமானால் பரவளையம். எதிரெதிர் என்றால் அதிபரவளையம். நம்முடையது அதிபரவளையம். y-ஐ வர்க்கமாக நிரப்பினால்,

(y − 0.27)²/0.21 − x²/1.06 = 1

மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். நீள்வட்டத்தில் பெரிய பகுதிதான் a² என்று பழகிய கை, இங்கும் 1.06-ஐ எடுத்துக்கொள்கிறது. அதிபரவளையத்தில் அளவு முக்கியமல்ல, மிகைக் குறி உள்ள உறுப்பின் பகுதியே a². ஆகவே a = 0.46. c² = 0.21 + 1.06, எனவே c = 1.13; மையத்தொலைத்தகவு c/a = 2.45. தவறான a-ஐ எடுத்தாலும் 1.1 போல ஒன்றைத் தாண்டிய விடையே வரும், ஆகவே விடையைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. முனையைத் தரையில் சரிபார்க்க வேண்டும். 0.27 − 0.46 = −0.19, அதாவது கம்புக்குத் தெற்கே 19 சென்டிமீட்டர். நண்பகல் நிழல் அங்கேதான் விழுகிறது. குவியம் 0.27 − 1.13, தெற்கே 86 சென்டிமீட்டரில்.

மற்ற முனை வடக்கே 73 சென்டிமீட்டரில் வருகிறது. அந்தக் கிளை ஜூனில் தரையில் விழாது. வர்க்கப்படுத்தியபோது கூடவே வந்தது. ஆனால் அதைத் தள்ளிவிடக் கூடாது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாளில் அதே கம்பின் நிழல் அந்தக் கிளையில்தான் நடக்கிறது. ஆறு மாத இடைவெளியில் உள்ள இரண்டு நாட்களும் ஒரே சமன்பாட்டின் இரு கிளைகள் என்பதை முதலில் கண்டபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் சாய்வு பூச்சியம். நிழல் நுனி கம்புக்கு வடக்கே 22 சென்டிமீட்டரில் நேர்கோடாக ஓடும். மற்ற இரண்டு வளைவுகளையும் இந்தக் கடற்கரையில் எந்த நாளிலும் வரைய முடியாது. மையத்தொலைத்தகவு என்பது அட்சரேகையின் கொசைனைச் சாய்வின் சைனால் வகுத்தது. அது ஒன்றாகிப் பரவளையம் வர, ஜூன் 21 அன்று ஆர்க்டிக் வட்டத்தில் நிற்க வேண்டும். நார்வேயின் ட்ரோம்சோவில் அன்று சூரியன் மறைவதில்லை; அங்கே தகவு 0.87, நிழல் நுனி முழு நீள்வட்டமாகச் சுற்றி வரும்.