ஒரு சட்டைக்கு என்ன விலை?

நேத்து ராத்திரி அப்பாவுக்காக ஒரு ஸ்கூலுக்கு யூனிபார்ம் கொட்டேஷன் எழுதினேன்.

போன வருஷம் எல்லா சைஸுக்கும் ஒரே விலை, சட்டைக்கு 310 ரூபாய்னு கொடுத்திருந்தார்.

துணி மீட்டர் 120.
சின்னப் பையனுக்கு ஒன்னேகால் மீட்டர், 150 ரூபாய்.
பத்தாவது படிக்கிற பையனுக்கு ரெண்டு மீட்டர், 240.
தையல்கூலி, பட்டன், கேன்வாஸ், நூல் எல்லாம் சேர்த்து 105.

அப்போ சின்னது 255, பெரியது 345.
வந்த ஆர்டர்ல பெரிய சைஸ்தான் அதிகம்.
ஒவ்வொரு பெரிய சட்டைக்கும் 35 ரூபாய் கைய விட்டுப் போச்சு.

இந்தத் தடவை சைஸ் வாரியா மூணு விலை போட்டேன்.
துணிக்குப் பாதிப் பணம் முன்பணம்,
இந்த விலை 30 நாளைக்குத்தான்னும் எழுதினேன்.

அப்பா கையெழுத்துப் போடாம அந்த முன்பண வரியையே பார்த்துட்டு இருந்தார்.
"இதக் கேட்டா ஆர்டர் போயிடுமோப்பா?"

நீங்க எப்படிக் கேட்பீங்க?