மூடி வைத்த புட்டு

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் அருமையாகிவிட்டது. பத்திரிகைத் தொழிலை விடும்படி அம்மா கேட்டார். மறுத்தேன். நான்கு நாட்கள் அவர் என்னோடு பேசவில்லை.

ஆயினும் இரவுப் பணி முடிந்து வருகையில், வாழையிலையில் பொதிந்த புட்டு அடுப்புத் தணலருகே இருக்கும். நீற்றுப்பெட்டியில் அவித்த அரிசிமாப் புட்டு ஆறினால் இறுகிவிடும். நடுச்சாமத்திலும் எழுந்து அவர் தணலைக் கிளறியிருக்க வேண்டும். கோபம் தணிந்துவிட்டதென்று அதற்குப் பொருளல்ல. என் முடிவை அவர் ஏற்கவுமில்லை. நான் திரும்பி வருவேன் என்று எண்ணியே அடுப்பை அணையவிடவில்லை. எங்கள் வீட்டில் அதை வாயால் சொல்லும் வழக்கம் இருந்ததில்லை.

ஐந்தாம் நாள், ஷெல் வீச்சினால் விடிந்தபின்பே வந்து சேர்ந்தேன். அம்மா படலையடியில் நின்றார்.

"சாப்பிட்டனியோ?"

உள்ளே புட்டு கல்லாக இறுகியிருந்தது. அடுப்பில் தணல் இல்லை.