"பார்க்கலாம் சார்"

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். மாதச் சம்பளம் கிடையாது, வருகிற வேலைக்குத்தான் கூலி. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி நடப்பதால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் எல்லாப் பதிப்பகங்களும் ஒரே நேரத்தில் கோப்புகளை அனுப்பும்.

அப்படியொரு நவம்பரில் ஒரு பதிப்பாளர் 400 பக்க நாவல் ஒன்றைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு நாளைக்கு 30 பக்கங்களைத் தாண்டினால் ஒற்று விடுபட்டிருப்பதும் ரகரம் றகரமாகியிருப்பதும் என் கண்ணில் படாது. ஆக, முதல் மெய்ப்புக்கே இரண்டு வாரம் வேண்டும். திருத்தங்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க இன்னும் சில நாட்கள். கையிலோ வேறு புத்தகங்கள் இருந்தன. ஆனாலும் "பார்க்கலாம் சார்" என்றேன். மறுத்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டாரே என்ற பயம்.

அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். டிசம்பரில் நான் கைவிரித்தபோது வேறு ஆள் தேட அவருக்கு அவகாசம் இல்லை. அப்போதும் ஒரு தவறு செய்தேன். தோழி ஒருத்தியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவள் எண்ணைக் கொடுத்தேன். அவள் கையிலும் நிறைய வேலை இருந்தது. நாவல் மெய்ப்புப் பார்க்கப்படாமலே அச்சுக்குப் போனது. அது அந்த எழுத்தாளரின் முதல் புத்தகம். அதிலுள்ள பிழைகளில் என் பங்கு பெரிது.

இப்போது முடியாத வேலை வந்தால் அன்றே எழுதிவிடுகிறேன். போன பருவத்தில் இன்னொரு பதிப்பாளருக்கு எழுதியது இது:

"வணக்கம் சார். இந்த நாவலை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. ஜனவரி 10 வரை கைநிறைய வேலை இருக்கிறது. இடையில் சேர்த்துக்கொண்டால் உங்கள் புத்தகத்தை அவசரமாகத்தான் பார்ப்பேன். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசினேன். டிசம்பர் முதல் வாரம் தொடங்க முடியும் என்கிறார். நாவல், சிறுகதைகளை நன்றாகப் பார்ப்பார். அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வு நூல் என்றால் அவரைச் சொல்லியிருக்க மாட்டேன். கூலியை நீங்களே அவரிடம் நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள். கோப்பை நான் அவருக்கு அனுப்பவில்லை. ஜனவரி 20க்குப் பிறகு எனக்கு ஒரு புத்தகத்துக்கு இடம் இருக்கிறது. வேண்டுமென்றால் இந்த மாத முடிவுக்குள் சொல்லுங்கள், உங்களுக்காக வைத்திருக்கிறேன்."

முதல் வாக்கியத்திலேயே மறுத்துவிடுவதுதான் எனக்கு இன்றும் கஷ்டம். எழுதிவிட்டு, "முயற்சி செய்கிறேன்" என்று சேர்க்கக் கை போகும். அதைச் சேர்த்தால் இவரும் காத்திருப்பார்.