டப்பா செய்த குற்றம் என்ன?

என் மாமியாருக்கு இரவு மூன்று மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை. அந்த வேளையில் அவருக்குத் துணை பழைய கச்சேரிகள்தாம். வீட்டார் உறக்கம் கலையக் கூடாதே என்று இயர்பட்ஸ் இரண்டையும் காதில் செருகிக்கொண்டு, இருட்டில் தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "பாட்டு வரலைடி. டப்பா பலகை மேலேதான் ராத்திரி பூரா இருந்தது" என்றார்.

பலகை என்றது கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் வட்டத் தட்டை. அதன் மேல் டப்பாவை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. என் செல்போனை வைத்தேன். உடனே மின்னல் குறி தோன்றியது. ஆகவே பலகை நிரபராதி, டப்பாதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். டப்பாவை முந்தின நாள் மாடிப்படியில் தவறவிட்டவன் என் எட்டு வயதுப் பிள்ளை. முதுகில் ஒன்று வைத்தேன். "குழந்தையை ஏண்டி அடிக்கிறே?" என்று மாமியார் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

ஆபீசில் இதைச் சொன்னபோது, எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் நண்பர், "டப்பாவுக்கு வயர் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அன்று மாலை போட்டேன். அரை மணியில் பாதி சார்ஜ் ஏறிவிட்டது! அப்படியானால் பாட்டரி பிழைத்திருக்கிறது. மிச்சமிருப்பது டப்பாவின் முதுகுப்புறத்தில் ஒட்டியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்.

விஷயம் இதுதான். பலகைக்குள் ஒரு சுருள். டப்பாவுக்குள் ஒரு சுருள். கீழ்ச் சுருளில் மாறி மாறி ஓடும் மின்சாரம் காந்த சக்தியை எழுப்ப, அது மேல் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831-ல் பாரடே என்ற மேதை கண்ட தத்துவமேதான். ஆனால் இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். செல்போனின் சுருள் பெரிது. கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். டப்பாவின் சுருளோ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. அரை விரற்கடை விலகினாலே, "இங்கே யாரும் இல்லை" என்று பலகை சும்மா இருந்துவிடும். செல்போன் ஏறுகிறது என்பதால் டப்பாவும் ஏற வேண்டும் என்று நான் நினைத்தது அங்கேதான் தப்பு.

மாமியார் டப்பாவைக் குங்குமச் சிமிழ் மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தார். எங்கள் டப்பாவுக்குச் சுருள் முதுகில். மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும். சில டப்பாக்களுக்கு அடியில் இருப்பதும் உண்டு. தடித்த ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு, படுக்கப்போட்டு, தோசைக் கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்ல நகர்த்தினேன். விளக்கு எரிந்தது! பத்து எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி எரிந்தது; அணைந்தது.

"அம்மா, உன் போன்கூட இப்போ ரொம்ப மெதுவாத்தான் ஏறறது. நேத்து ராத்திரி முப்பதிலே வச்சே, காலையிலே நாற்பத்தஞ்சுதான் இருந்தது" என்றான் பிள்ளை, தூரத்தில் நின்றபடியே.

பலகையின் வயரைத் தொடர்ந்து போனேன். அது டெலிவிஷன் பெட்டியின் பின்புறத் துளையில் செருகியிருந்தது. அந்தத் துளை பெரும்பாலும் தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். அதிலும் ஒரு பங்கு நடுவழியில் சூடாகி வீணாகிவிடும். பலகையின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததோ 9 வோல்ட், 2 ஆம்பியர். சத்தில்லாத பலகை தொடங்குவதும், தாங்காமல் நிறுத்துவதுமாகத் தவித்திருக்கிறது.

அதற்குரிய தடித்த அடாப்டர் எங்கே? என் ஆபீஸ் கைப்பையில்! பேட்டி எடுக்கப் போகும் அவசரத்தில் நானேதான் பிடுங்கிக்கொண்டு, பலகையை டெலிவிஷனோடு இணைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அடாப்டரை மாட்டியதும் விளக்கு அணையாமல் நின்றது. சுருளுக்கு ஒரு கேடும் இல்லை. நிஜமாகவே சுருள் அறுந்திருந்தால், வயரில் ஏறும். ஆனால் நல்ல அடாப்டர் போட்ட வேறொரு பலகையில், எப்படி நகர்த்தினாலும் விளக்கு எட்டிக்கூடப் பார்க்காது. நண்பர் வீட்டு டப்பா அப்படித்தான் போயிற்று. பசை போட்டு மூடிய பெட்டி. கத்தியால் நெம்பினால் உள்ளே இருக்கும் லிதியம் பாட்டரி தீப்பற்றக் கூடும் என்று, அவர் வயரிலேயே காலம் தள்ளுகிறார்.

விளக்கு எரிந்த இடத்தில், பலகையின் மேல் டப்பாவின் விளிம்பை ஒட்டி என் ஸ்டிக்கர் பொட்டு இரண்டை ஒட்டினேன். இருட்டிலும் மாமியாரின் விரலுக்குத் தட்டுப்படும்.

பிள்ளையைக் கூப்பிட்டு, "தப்பு என்னோடதுதாண்டா" என்றேன். அவன் சற்று யோசித்தான்.

"அப்போ பாட்டி உன்னை ஒண்ணு அடிக்கலாமா?"

மாமியார் காதில் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேளாதவர் போல் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.